பதினேழாம் எண் சிற்பத்தின் மான்

பிப்ரவரி 3, செவ்வாய்

கரண்டியைக் காட்டினால் வீட்டுக்காரர் "அது வந்து" என்கிறார். விளக்கைக் காட்டினாலும் "அது வந்து". பேச்சுப் பயிற்சி தரும் அம்மா கடைசியில் என்னைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்றார். அதற்கும் "அது வந்து…" என்று இழுத்துவிட்டு இவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கை கிடக்கிறது. கால் பரவாயில்லை, கைத்தடியோடு நடக்கிறார். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. சொற்கள்தான் போய்விட்டன. அந்த இரண்டு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

போகும்போது வாசலில் வைத்து அந்த அம்மா சொன்னார்: "அவர் தேடி எடுக்கிறதுக்குள்ள நீங்க எடுத்துக் குடுத்துடுறீங்க மேடம். கொஞ்சம் பொறுங்க."

பொறுக்காமலா நாலு மாசம் ஓட்டுறேன்? வந்த கோபத்தில் காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். சொல்ல முடியாதே.

பிப்ரவரி 5, வியாழன்

அருங்காட்சியகத்தில் இரண்டு புதிய அறைகள் தயாராகின்றன. ஒன்று பௌத்தச் சிற்பங்களுக்கு, ஒன்று சமணச் சிற்பங்களுக்கு. கிடங்கில் முப்பத்தோரு கற்சிற்பங்கள். எது எந்த அறைக்கு என்ற பட்டியலை இருபத்தேழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஆவணப் பிரிவில் இப்போது நான் ஒருத்திதான்.

பாதிக்கு மேல் என் பழைய விவர அட்டைகளே போதும். பதினேழாம் எண் பௌத்த அறையின் நடுவில் நிற்கப் போகிறது. சுவரொட்டியிலும் அதுதான். "முதல் அறவுரை நல்கிய புத்தர்" — இருபத்துநாலு வருடத்துக்கு முன் நான் எழுதிய வரி. பெருமையாகத்தான் இருக்கிறது, எழுதினால் என்ன.

பிப்ரவரி 9, திங்கள்

படம் போட்ட பயிற்சி அட்டைகளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார். கரண்டி, பூனை, குடை, எல்லாம்.

பிப்ரவரி 14, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வேலை முடியாததால் சிற்பங்களின் படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முக்கால்வாசி இவர் எடுத்தவைதான். முப்பது வருடம் அந்தக் கிடங்கில் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஆள். கட்டில் மேல் பரப்பிவிட்டு அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் படங்களை இடது கையால் இரண்டு குவியலாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறார்.

சும்மா விளையாடுகிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். ஒரு குவியல் புத்தர், ஒரு குவியல் சமணத் தீர்த்தங்கரர்!

நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கை முழங்கால் மேல் தொங்கி விரல் நிலத்தைத் தொடுகிற படம்: யோசிக்கவே இல்லை, புத்தர் குவியல். தீர்த்தங்கரர் உட்கார்ந்தால் கை மடியில்தான், நிலத்தைத் தொட மாட்டார். ஆடையில்லாமல் நேராக நின்று, இரண்டு கையும் தொடையில் ஒட்டாமல் கீழே தொங்குகிற படம்: அந்தப் பக்கம். பீடத்தில் சின்னம் தேய்ந்துபோன ஒன்றில், தோள் வரை விழும் கூந்தல் இழைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே வைத்தார். ரிஷபநாதருக்குத்தான் அப்படிக் கூந்தல் விழும். காளைச் சின்னம் தேய்ந்தால் என்ன.

தலைக்கு மேல் பாம்புப் படம் விரித்த இரண்டு சிற்பங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புகிற இடம் இது. இவர் தலையையே பார்க்கவில்லை, உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தட்டினார். ஒன்றில் பாம்பின் உடல் மெத்தை மாதிரி சுருண்டிருக்க, அதன்மேல் சீவரம் என்கிற துறவாடை போர்த்திய உருவம். அது புத்தர். இன்னொன்றில் பாம்பு முதுகுக்குப் பின்னால் எழுகிறது, உடம்பில் நூலிழை இல்லை. பார்சுவநாதர்.

கரண்டிக்குப் பேர் தெரியவில்லை. இது தெரிகிறது.

அடுப்பில் வைத்தது தீய்ந்துவிட்டது. போகட்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முப்பத்தொன்றில் முப்பது சரி. பதினேழை மட்டும் தீர்த்தங்கரர் பக்கம் வைத்திருந்தார். எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். அவர் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். மறுபடி நான். மறுபடி அவர்.

"என்னங்க, இது புத்தர். பீடத்துல மான் இருக்கு பாருங்க. மான் பூங்காவுலதானே முதல்ல பேசினார்? நடுவுல சக்கரம், ரெண்டு பக்கமும் ரெண்டு மான். சக்கரமும் இன்னொரு மானும் உடைஞ்சுபோச்சு, அந்த இடத்துல சிமென்ட் பூசியிருக்கு. அவ்வளவுதான்."

"அது வந்து… அது வந்து…" முகம் சிவந்துவிட்டது. படத்தைத் தட்டுகிறார். நான் ஏதோ எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன், பயிற்சியம்மா நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

அவர் இடது கையைத் தூக்கினார். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்தார். என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கி, என் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார். தன் இடது கை விரலைக் கொண்டுவந்து அந்த வளையத்தில் வைத்தார். சட்டென்று புரிந்தது. அறவுரை முத்திரை. சக்கரத்தைச் சுழற்றுகிற மாதிரி இரண்டு கையும் நெஞ்சருகே. அதற்கு இரண்டு கை வேண்டும், அவரிடம் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றை என்னிடம் வாங்கிக்கொண்டார்.

அப்படியே வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். படத்தில் கைகள் மடியில், உள்ளங்கை மேல் உள்ளங்கை. தலையை ஆட்டினார்.

"இல்ல."

தெளிவாக. "அது வந்து" இல்லை. "இல்ல."

இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் இவர் "இல்ல" என்றால் எனக்குச் சுர்ரென்று வரும். இன்று அவர் கையை விடாமல் அழுதேன். அவர் என்னை விட்டுவிட்டு மறுபடி படத்தைத் தட்டினார். நான் அழுவது அவருக்கு முக்கியமில்லை. பதினேழாம் எண்தான் முக்கியம்.

பிப்ரவரி 16, திங்கள்

ஆனால் நான் எழுதியது தப்பா? மான் இருக்கிறதே. அறவுரைச் சிலையிலும் கை மடியில் இருக்கிற விதிவிலக்கு உண்டே. இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே சீவரத்தின் ஓரம் கோடாகத் தெரிகிறதே. தீர்த்தங்கரருக்கு ஏது ஆடை?

பிப்ரவரி 19, வியாழன்

காப்பாட்சியரிடம் பேசினேன். பதினேழில் ஒரு சந்தேகம் என்றேன்.

"மேடம், சுவரொட்டி அச்சுக்குப் போயாச்சு. யாருக்குச் சந்தேகம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

அவர் நல்ல மனிதர். பேனாவை மூடினார். பிறகு மெதுவாக, "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. சொல் இல்லாதவர் சந்தேகத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்.

சிமென்டைப் பெயர்த்துப் பார்க்கலாமா என்றேன். பெயர்த்தால் பீடமும் சேர்ந்து பெயரும், அதற்கு ஆய்வகத்தில் மூன்று மாதம் வேண்டும் என்றார். அதுவும் உண்மைதான்.

மற்றபடி தலைமுடி சுருள், நீண்ட காது, பாதி மூடிய கண். இவையெல்லாம் இருவருக்கும் பொது. உச்சி சிதைந்துவிட்டது. பின்பலகையின் மேல்பாதி இல்லை. அங்கே தீர்த்தங்கரருக்கே உரிய முக்குடை இருந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. மார்பில் ஸ்ரீவத்ச மறுவும் இல்லை, ஆனால் எல்லாத் தீர்த்தங்கரருக்கும் அதைச் செதுக்குவதில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவருக்கு முகம் மழித்துவிட்டேன். இப்போதெல்லாம் வலது கன்னத்தை நாக்கால் உள்ளிருந்து தள்ளிக் கொடுக்கத் தெரிகிறது. முதல் மாதம் அதுவும் வரவில்லை. தாடையில் ஒரு இடத்தில் வெட்டிவிட்டது. "ஐயோ" என்றது நான்தான்.

துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டேன். "செவ்வாய்க்கிழமை என்னோட கிடங்குக்கு வர்றீங்களா? நேர்ல காட்டுங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் வரவில்லை, நாலரை மாதமாக. எல்லோரும் "சார், சார்" என்று சூழ்ந்துகொண்ட இடத்தில் போய் நின்று "அது வந்து" என்று சொல்ல வேண்டுமே என்ற பயம். எனக்குத் தெரியும். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கும் தைரியம் இல்லை. நானும் அதைக் கேட்க வேண்டியிருக்குமே, எல்லோர் முன்னாலும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டிருக்கிறார். பித்தானுக்காக உட்கார்ந்திருந்தார். போட்டுவிட்டேன்.

கிடங்கில் யாரும் சூழ்ந்துகொள்ளவில்லை. புதிய அறைச் சுவர் வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் மட்டும் பீடம் கட்ட அளவெடுத்துக்கொண்டிருந்தார். இவர் வணக்கம் சொல்வதற்காக, "அது வந்து…" என்று ஆரம்பித்தார். கொத்தனார் நாடாவைச் சுருட்டிவிட்டு, "சொல்லுங்க சார், அவசரமில்ல" என்று நின்றார். உண்மையாகவே நின்றார். நான் நாலு மாதமாகச் செய்யாத காரியம்.

பதினேழின் முன்னால் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். இவர் கூரை விளக்கைக் காட்டினார். அணைத்தேன். ஜன்னலைக் காட்டினார். மூடினேன். பையிலிருந்த டார்ச்சை இடது கையில் வாங்கி, சிலைக்கு முன்னால் பிடிக்கவில்லை — பக்கவாட்டில், கல்லோடு ஒட்டிப் பிடித்தார். வெளிச்சம் படுத்துக்கொண்டு போனது. எத்தனை தடவை பார்த்த மார்பு. திடீரென்று ஒவ்வொரு உளிக்கொத்தும் எழுந்து நின்றது.

இடது தோளில் ஆரம்பிக்கும் அந்தக் கோடு, நான் சீவரம் என்று எழுதிய கோடு. டார்ச்சை அதன் கூடவே நகர்த்தினார். மார்பைக் கடந்தது. வலது கை மேல் ஏறியது. கை முடிந்த பிறகும் நிற்கவில்லை, பின்பலகையில் அதே சாய்வில் ஓடி விளிம்பில் போய் மறைந்தது. துணியின் ஓரம் உடம்போடு நின்றிருக்கும். இது கல்லின் நரம்பு. கல்லோடு பிறந்த கோடு.

பிறகு கணுக்கால்கள். புத்தருக்கு ஆடையின் மடிப்பு விசிறி மாதிரி கணுக்காலுக்கு நடுவே பீடத்தில் விழுந்திருக்கும். வெறும் கல். இடது மணிக்கட்டு. துணி தொங்கும் இடம். வெறும் கல்.

"மான்?" என்றேன்.

அவர் கொத்தனாரைப் பார்த்துக் கையை நீட்டினார். "அது வந்து… அது வந்து…" விரல்களைக் குவித்துக் கீழே தொங்கவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கொத்தனார் கொஞ்சம் யோசித்தார். "தூக்குக்குண்டா சார்?"

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கொத்தனார் நூலைச் சிலையின் மூக்கு நுனியில் பிடித்தார். குண்டு ஆடி ஆடி நின்றது. நூல் தொப்புளுக்கு நேரே இறங்கி, மடியில் கைகள் சேரும் இடத்தைத் தாண்டி, பீடத்தில் மானின் முதுகில் நின்றது. நட்டநடு முதுகில்.

இத்தனை வருடமாக மான் ஓரத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பீடத்தின் இடப்பக்கம் உடைந்து சிமென்ட் பூசியதால் எனக்கு அப்படித் தெரிந்தது. ஓரத்தில் இருப்பது சிங்கம். வலது மூலையில் அது இருக்கிறது, அதற்கு ஜோடி இடது மூலையோடு போய்விட்டது. மூலைச் சிங்கங்கள் சிம்மாசனத்தைத் தாங்குகிறவை, இரண்டு மதத்துக்கும் பொது. நடுவில் இருப்பதுதான் பெயர் சொல்லும். நடுவில் சக்கரம் இல்லை, சக்கரத்துக்கு இடமே இல்லை. ஒற்றை மான் படுத்திருக்கிறது. தலையைத் திருப்பிப் பார்க்கிறது, அதைத்தான் சக்கரத்தைப் பார்ப்பதாக எழுதியிருந்தேன்.

சாந்திநாதர். பதினாறாவது தீர்த்தங்கரர். மான் அவருடைய சின்னம்.

"சரிதானே?" என்று கேட்டேன்.

"ஆமா."

இரண்டாவது சொல்.

பிப்ரவரி 25, புதன்

எழுதாமல் விட்டால் நன்றாக இருக்கும். ஆனால் யாருக்காக விட வேண்டும்.

இருபத்துநாலு வருடத்துக்கு முன், அதே கிடங்கு. கல்யாணமாகி இரண்டு வருடம். இவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, மான் நடுவுல இருக்கிற மாதிரி தெரியுதே?" என்றார். நான் அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். "நீங்க படத்தை எடுங்க. பேரை நான் வச்சுக்கிறேன்" என்றேன். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு சிலையைப் பற்றியும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அப்போது சொல் இருந்தது. நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று காலை அவரிடம் சொன்னேன். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் கேக்கல. மன்னிச்சுக்குங்க." என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது. நல்ல குட்டு.

பிப்ரவரி 26, வியாழன்

காப்பாட்சியரைக் கிடங்குக்கு அழைத்துப் போய், டார்ச், நூல், குண்டு எல்லாவற்றையும் காட்டினேன். தவறு என்னுடையது என்றும், எந்த ஆண்டு அட்டை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பீடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"சுவரொட்டியைத் திரும்ப அடிக்கணும்."

"ஆமாங்க."

"மேல திட்டுவாங்க."

"என்னைத்தான் திட்டணும்."

மறுபடி குனிந்து மானைப் பார்த்தார். "இத்தனை நாளா இவரை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம், பாருங்க" என்றார். திட்டவில்லை.

மார்ச் 2, திங்கள்

எனக்கு மெமோ வந்தது. சிலைக்கு அறை மாறியது. இவருக்கும் ஒரு கடிதம்: சந்தேகத்துக்குரிய சிற்பங்களைப் பக்க வெளிச்சத்தில் மறுபடி பார்க்க, வாரம் இரண்டு நாள் வர முடியுமா என்று. வாசித்துக் காட்டினேன். பதில் என்ன எழுதட்டும் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம்.

"வ…" என்றார். "வர்…" வியர்த்துவிட்டது. "வர்றேன்."

நான் எடுத்துக் கொடுக்கவே இல்லை. கையை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

திறப்பு விழா. கூட்டம். சாந்திநாதர் முன்னால் ஒரு வயதான தம்பதி வெகுநேரம் கைகூப்பி நின்றார்கள். அந்த அம்மா காலணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். இவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் வலி. தூங்கப் போகிறேன்.

மே 17, ஞாயிறு

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று வெள்ளிக்கிழமை ஒரு சிற்பம் வந்திருக்கிறது. மார்புக்கு மேல்தான் இருக்கிறது, பீடம் இல்லை. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருக்கிறது, தோளில் சீவரம் இல்லை, ஆகவே தீர்த்தங்கரர். புகைப்படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். மதியம் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

வரிசையாகச் சொன்னால் இவருக்கு எண் வருகிறது. பாம்பின் தலைகளை விரல் வைத்து எண்ணினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." நிறுத்திவிட்டு, "சு… சுபார்சு" என்றார். ஐந்து தலைப் பாம்பென்றால் பெரும்பாலும் சுபார்சுவநாதர். பீடம் இருந்திருந்தால் சுவஸ்திகச் சின்னம் பார்த்து முடித்திருக்கலாம்.

"அவசரப்படாதீங்க" என்றேன். லென்ஸைக் கொடுத்து இரண்டு ஓரத்தையும் காட்டினேன். இடப்பக்கம் ஒரு உடைந்த கழுத்து. வலப்பக்கம் ஒன்று. "இது ஆறு. இது ஏழு. ஏழு தலை, பார்சுவநாதர்."

"இல்ல."

"ஏழுங்க."

"இல்ல. அஞ்சு."

"உடைஞ்ச இடம் கண்ணு முன்னாடி இருக்கு, நல்லா பாருங்க!"

லென்ஸை வைத்தார். பார்த்தார். பார்த்ததும் அந்த முகம். தப்பு என்று தெரிந்தபின் ஒப்புக்கொள்ளாத முகம், எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். "இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் விடவில்லை. ஏழுதான், போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று முதுகுக்குப் பின்னால் சத்தமாகவே சொன்னேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன், வாங்கவில்லை.

"அம்மா, அப்பா ஏன் பேச மாட்டேங்கிறார்? மறுபடி ஏதாவது—"

"ஒண்ணும் ஆகலடி. கோவம். என்கூடப் பேசுறதில்லை."

"சண்டையா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

இப்போது சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம். இடது கையாலேயே டீ போடப் பழகிவிட்டார். எட்டிப் பார்த்தேன். ஒரு டம்ளர்தான் வைத்திருக்கிறார். தனக்கு மட்டும்.